என் பெயரில் போன மெயில்கள்

பீன்யாவில் பித்தளை வால்வு செய்யும் ஒரு சிறிய தொழிற்சாலையில் நான் கடிதப் போக்குவரத்து பார்த்துக்கொண்டிருந்தேன். சேர்ந்த புதிதில் டைப்ரைட்டரும் டெலக்ஸும் இருந்தன. பிறகு ஃபேக்ஸ் வந்தது. இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் கழித்து பிராட்பேண்ட் வந்ததும் எல்லாம் மெயில் ஆகிவிட்டது. கம்பெனிப் பெயரில் ஒரு டொமைன் வாங்கி, நகரத்தில் மெயில் சர்வர் நடத்தும் ஒரு நிறுவனத்திடம் கணக்குகள் எடுத்திருந்தோம். முதலாளிக்கு ஒரு கணக்கு, அக்கவுண்ட்ஸுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. என் கணக்கு என் சொந்தப் பெயரில் இருந்தது. பெயர், அப்புறம் அந்த @ சுழி, அப்புறம் கம்பெனி. அதை முதன்முதலில் விசிட்டிங் கார்டில் அச்சடித்துக் கொடுத்தபோது வீட்டுக்குக் கொண்டுபோய்க் கணவரிடம் காட்டினேன். அவர் லேத் ஃபிட்டர். கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, டீ பட்டுவிடப் போகிறது என்று பத்திரமாக டி.வி.க்கு மேல் வைத்தார்.

எங்கள் பெரிய வாடிக்கையாளர் டென்மார்க்கில் இருந்த ஒரு கம்பெனி. அங்கே பர்ச்சேஸ் பார்த்தது ஒரு பெண்மணி. அவர் முகம் எனக்குத் தெரியாது, குரல்கூடக் கேட்டதில்லை. ஆனால் வாரத்துக்கு நான்கைந்து மெயில் போகும் வரும். டிராயிங், விலை, கப்பல் தேதி, இவைதான் விஷயம். கடைசி வரியில் மட்டும் பனி பெய்கிறது என்று எழுதுவார். நான் இங்கே மழை பிடித்துக்கொண்டது, யஷ்வந்த்பூர் பாலத்தடியில் பஸ் நின்றுவிட்டது என்று எழுதுவேன். அந்த ஆங்கிலத்தை எழுத எனக்கு நேரம் பிடிக்கும். அகராதியை மேஜை இழுப்பறையில் வைத்திருந்தேன். ஒருமுறை ஒரு வால்வின் மரை அளவு டிராயிங்கில் ஒருவிதமாகவும் ஆர்டரில் வேறுவிதமாகவும் இருந்ததைக் கண்டு எழுதினேன். அதிலிருந்து அவர் எதையும் முதலில் என்னிடம்தான் கேட்பார், பிறகுதான் முதலாளிக்கு எழுதுவார்.

அந்தத் திங்கட்கிழமை காலை ஒக்கலிபுரத்திலிருந்து பஸ் மாறி வழக்கம்போல ஆபீசுக்கு வந்து கம்ப்யூட்டரைப் போட்டேன். மெயில் இறங்க ஆரம்பித்தது. இறங்கிக்கொண்டே இருந்தது. எல்லாம் திரும்பி வந்த மெயில்கள். இந்த முகவரியில் ஆளில்லை, இந்தப் பெட்டி நிரம்பிவிட்டது, உங்கள் கடிதத்தை ஏற்கவில்லை என்று எந்தெந்த நாட்டு சர்வர்களோ எனக்குப் பதில் போட்டிருந்தன. அவர்கள் யாருக்கும் நான் எழுதியதே இல்லை. ஒன்றைத் திறந்து பார்த்தேன். திரும்பி வந்த மெயிலுக்கு அடியில் நான் அனுப்பியதாகச் சொன்ன கடிதம் ஒட்டியிருந்தது. ஆண்களுக்கான ஒரு மாத்திரையின் விளம்பரம் அது. அதில் என்ன எழுதியிருந்தது என்பதை இங்கே எழுதப் போவதில்லை. அனுப்புநர் என்ற இடத்தில் என் பெயர், முழுசாக.

உடனே மூடினேன். யாராவது பார்த்தார்களா என்று திரும்பினேன். அப்போது யாரும் பார்க்கவில்லை. டென்மார்க்குக்கு அனுப்ப வேண்டிய பதிலைத் தட்டி அனுப்பினால் போகவில்லை. அவுட்பாக்ஸிலேயே நின்றது. ஒரு பெட்டி திரையில் வந்து, இந்தக் கணக்கிலிருந்து வெளியே செல்லும் மெயில் நிறுத்தப்பட்டிருக்கிறது, உங்கள் சேவை நிறுவனத்தைத் தொடர்புகொள்ளுங்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னது.

மெயில் நிறுவனத்துக்குப் போன் செய்தேன். அங்கே ஒருவர் தமிழில் பேசினார். சனி ஞாயிறு இரண்டு நாளும் என் கணக்கின் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து யாரோ ஆயிரக்கணக்கில் விளம்பரம் அனுப்பியிருக்கிறார்கள், அதனால் அனுப்பும் வசதியை மட்டும் நிறுத்தியிருக்கிறோம், வருகிற மெயில் வரும் என்றார். பாஸ்வேர்டை மாற்றுங்கள், எல்லாக் கம்ப்யூட்டரையும் வைரஸ் ஸ்கேன் செய்யுங்கள், செய்துவிட்டோம் என்று கம்பெனியின் பதிவான மெயிலிலிருந்து எழுதுங்கள், திறந்துவிடுகிறோம் என்றார். பதிவான மெயில் என்பது முதலாளியுடையது. அவரிடம் போய்ச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

முதலாளி எங்கள் ஊர்க்காரர்தான். அதாவது தமிழர், ஆனால் அவர் குடும்பம் மைசூர் ராஜ்ய காலத்திலேயே இங்கே வந்து அரசாங்க உத்தியோகம் பார்த்தது. வீட்டில் தமிழும் கன்னடமும் கலந்து பேசுவார்கள். கெட்டவர் என்று அவரைச் சொல்ல மாட்டேன். தீபாவளிக்குத் தவறாமல் புடவை வரும். நான் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"ஏம்மா, எதையாவது திறந்து கிறந்து பாத்தியா?"

இல்லை சார் என்றேன். அவருடைய மாப்பிள்ளை எதிர் நாற்காலியில் இருந்தார். எஞ்சினியரிங் படித்தவர், கல்யாணம் ஆனதிலிருந்து மார்க்கெட்டிங் அவர் பொறுப்பு. லேடீஸ் இந்த ஃபார்வர்ட் மெயில் எல்லாம் கிளிக் பண்ணுவாங்க, அப்படித்தான் வரும் என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, மாமனாரைப் பார்த்துச் சொன்னார். திரும்பி வந்ததில் ஒன்றை எனக்கு அனுப்புங்க மேடம், பார்க்கணும் என்றார். எனக்கு அனுப்பும் வசதி இல்லை என்றேன். அப்ப பிரிண்ட் எடுங்க என்றார்.

பிரிண்டர் அக்கவுண்ட்ஸ் மேஜைக்குப் பக்கத்தில் இருந்தது. நான் எழுந்து போவதற்குள் தாள் வெளியே வந்து அக்கவுண்டன்ட் கையில் இருந்தது. அவர் படித்துவிட்டு என்னிடம் நீட்டினார். மத்தியானத்துக்குள் ஸ்டோர்ஸில் தெரிந்துவிட்டது. ஒரு சின்ன ஆபீசில் இது எப்படிப் பரவும் என்று சொல்லத் தேவையில்லை. நான் டீ எடுக்கப் போனபோது பேச்சு நின்றது. ஸ்டோர்ஸ்காரர் மட்டும், மேடம் புது பிசினஸ் ஆரம்பிச்சிருக்காங்க போலிருக்கே என்று கன்னடத்தில் பக்கத்து ஆளிடம் சொன்னார். எனக்குக் கன்னடம் நன்றாகத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

பாஸ்வேர்டை மாற்றினேன். என் மேஜையில், என் கம்ப்யூட்டரில், மெயில் நிறுவனத்தின் பக்கத்துக்குப் போய், பழையதைத் தட்டி, புதியதை இரண்டு முறை தட்டினேன். வைரஸ் ஸ்கேன் போட்டேன். எங்கள் ஆன்டிவைரஸின் சந்தா முடிந்துபோயிருந்தது. அதைப் புதுப்பிக்கச் சொல்லி நான் எழுதிக் கொடுத்த சீட்டு மாப்பிள்ளையின் மேஜை டிரேயில் கிடந்தது. பழைய பட்டியலை வைத்துத்தான் அது தேடியது, ஒன்றும் இல்லை என்று சொன்னது. அதைத்தான் நாங்களும் எழுதிக் கொடுத்தோம். முதலாளி அறையில் இருந்த அவருடைய கம்ப்யூட்டரிலிருந்து அவர் பெயரில் மெயில் போனது. மறுநாள் என் கணக்கைத் திறந்துவிட்டார்கள்.

அன்றைக்கு டென்மார்க்கிலிருந்து மாற்றிய டிராயிங் ஒன்று வந்தது. புது அளவுக்கு விலையும் தேதியும் அந்த வாரத்துக்குள் உறுதி செய்யவேண்டும், அவர்கள் திட்டக் கூட்டத்துக்கு அது வேண்டும் என்று எழுதியிருந்தார். நான் பட்டறைக்குள் போய் ஃபோர்மனிடம் பேசி, தேதி வாங்கி, விலையை முதலாளியிடம் சரிபார்த்து எழுதிவைத்தேன். காலையில் அனுப்பிவிடலாம் என்று இருந்தேன்.

காலையில் மறுபடி அதே வெள்ளம். என் கணக்கு மறுபடி நிறுத்தப்பட்டிருந்தது. போனில் பேசியவர் இந்த முறை பொறுமையாக இல்லை. மாத்திட்டோம்னு எழுதினீங்கன்னுதானே நேத்து திறந்தோம், சாயந்திரமே புது பாஸ்வேர்டுல உள்ள வந்திருக்கான் என்றார். எப்படி என்று கேட்டேன். அதை நீங்கதான் சொல்லணும் மேடம் என்றார்.

திரும்பி வந்த குப்பைக்கு நடுவே ஒன்று உண்மையான மெயில். டென்மார்க் பெண்மணி அனுப்பியது. நான் அனுப்பியதாக அவருக்குப் போயிருந்த மாத்திரை விளம்பரத்தின் மேல் ஒரே வரி எழுதியிருந்தார். இது உங்களிடமிருந்து வந்ததா?

அந்த வரியை எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது. பதில் எழுத விரல் பரபரத்தது. எழுதலாம், அனுப்ப முடியாது. அவருக்கு ஒரு ஃபேக்ஸ் போடட்டுமா என்று முதலாளியிடம் கேட்டேன். வேண்டாம்மா, நாமே தண்டோரா போடவேண்டாம், சரியானப்புறம் பாத்துக்கலாம் என்றார். சாப்பாட்டு நேரத்தில் பீன்யா இரண்டாவது ஸ்டேஜ் மெயின் ரோட்டில் இருந்த இன்டர்நெட் சென்டருக்குப் போனேன். ஓசி மெயில் ஒன்றில் கணக்குத் திறந்து, இது நான்தான், என் கணக்கை யாரோ திருடிவிட்டார்கள், அந்த மெயிலுக்கு நான் பொறுப்பில்லை, மன்னிக்கவும் என்று எழுதி அனுப்பினேன். பதில் இல்லை. பிறகு யோசித்தால் அவர் இடத்தில் இருந்து நானும் பதில் போட்டிருக்க மாட்டேன். கம்பெனி முகவரியிலிருந்து அசிங்கம் வருகிறது, யாரோ ஒருத்தி ஊர் பேர் தெரியாத முகவரியிலிருந்து நான்தான் அவள், என்னை நம்புங்கள் என்கிறாள். யார் திருடன் என்று எப்படித் தெரியும்? ஒருவேளை அவர் கண்ணிலேயே படாமல் அவர்கள் சர்வரே அதை ஒதுக்கியிருக்கலாம்.

விலையை உறுதி செய்வது அவசரம். ஆகவே மாப்பிள்ளை ஒரு வழி சொன்னார். முதலாளியின் கணக்கை என் கம்ப்யூட்டரில் போட்டுக்கொடுத்துவிடலாம், மேடம் அதிலிருந்து அனுப்பட்டும் என்றார். தன் அறைக் கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்ய முதலாளிக்குப் பிடிக்காது, நான் உள்ளே போய் உட்கார்வதும் அவருக்குப் பிடிக்காது. மாப்பிள்ளையே வந்து என் நாற்காலியில் உட்கார்ந்து முதலாளியின் பெயரையும் பாஸ்வேர்டையும் தட்டினார். நான் பின்னால் நின்றேன். விலை மெயில் போய்விட்டது. எல்லோருக்கும் நிம்மதி.

மறுநாள் மாத்திரை விளம்பரம் முதலாளியின் பெயரில் போயிருந்தது.

அது எங்களுக்குத் தெரிந்த விதமே வேறு. தொழிற்பேட்டைச் சங்கத்தில் இருந்த அவருடைய நண்பர் ஒருவர் காலையில் போன் செய்து, இந்த வயசுல எங்களுக்கெல்லாம் மாத்திரை விக்கறீங்களே என்று சிரித்திருக்கிறார். முதலாளி அறையை விட்டு வெளியே வந்தபோது முகம் கறுத்திருந்தது. அந்த நிமிஷத்திலிருந்து ஆபீசில் அந்த விஷயத்துக்கு ஒரு பெயர் வந்தது, வைரஸ். திங்கட்கிழமை அது நான் எதையோ திறந்து பார்த்தது. வியாழக்கிழமை அது வைரஸ். அக்கவுண்டன்ட் என்னிடம் வந்து, இந்த வைரஸ் ரொம்ப மோசமாம் மேடம், பெரிய பெரிய கம்பெனியில எல்லாம் வந்திருக்காம் என்றார். ஸ்டோர்ஸில் யாரும் சிரிக்கவில்லை.

இந்த முறை மெயில் நிறுவனம் ஒரு கணக்கை மட்டும் நிறுத்தவில்லை. எங்கள் டொமைனிலிருந்து வெளியே எதுவும் போகாதபடி மூடிவிட்டார்கள். பதிவான மெயிலிலிருந்து எழுதினால்தான் திறப்போம் என்பது விதி, அந்தப் பதிவான மெயிலே மூடிக்கிடந்தது. மாப்பிள்ளை போனில் கத்தினார். காசு கொடுக்கிற கஸ்டமர் நாங்கள் என்றார். கத்தக் கத்த அந்தப் பக்கம் இன்னும் இறுகியது. கடைசியில், கம்பெனி லெட்டர்ஹெட்டில் எழுதி, முத்திரை போட்டு, கையெழுத்தோடு யாராவது நேரில் வரட்டும் என்று சொல்லிவிட்டார்கள். மாப்பிள்ளைக்கு வேறு வேலை இருந்தது. கடிதத்தில் என்ன எழுதவேண்டும் என்று கேட்டுவர முதலில் நான் போனேன்.

அவர்கள் ஆபீஸ் அல்சூரில், ஏரிக்குப் பின்பக்கம் ஒரு தெருவில், டயர் கடைக்கு மேலே மாடியில் இருந்தது. பீன்யாவிலிருந்து மெஜஸ்டிக், அங்கிருந்து இன்னொரு பஸ். போனில் பேசியவர் அவர்தான் என்று குரலை வைத்துக் கண்டுபிடித்தேன். முப்பது வயதுக்குள் இருக்கும், கண்ணெல்லாம் சிவந்திருந்தது. நான் உட்கார்ந்திருந்தபோதே இரண்டு போன் வந்தது, இரண்டிலும் யாரோ அவரைத் திட்டினார்கள். வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"உங்களாலதான் மேடம். ஒரே சர்வர்ல எத்தனையோ கம்பெனி இருக்கு. உங்க மெயிலால எங்க சர்வர் நம்பரையே பிளாக்லிஸ்ட்ல போட்டுட்டாங்க. இப்ப யார் அனுப்பினாலும் பாதி இடத்துல வாங்கமாட்டேங்கறான்."

என்னால் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அப்புறம் சொல்லவில்லை. நாலு நாளாக அதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவர் திரையை என் பக்கம் திருப்பினார். யார் எந்தப் பெயரில் எங்கிருந்து உள்ளே வந்தார்கள் என்று வரி வரியாக இருந்தது. எங்கள் ஆபீஸ் லைனின் எண் எது என்று காட்டினார். நான் வேலை நேரத்தில் அனுப்பிய ஒவ்வொரு மெயிலுக்கும் அந்த எண் இருந்தது. குப்பை போனதெல்லாம் வேறு எண்கள், வேறு வேறு நாடுகள். நான் ஒரு நிமிஷம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது நான் இல்லை என்பது அங்கே எழுதியிருந்தது. அதைப் படித்தவர் முன்பின் தெரியாத அவர் ஒருவர்தான்.

பாஸ்வேர்டை எந்தக் கம்ப்யூட்டரில் மாற்றினீர்கள் என்று கேட்டார். என்னுடையதில் என்றேன். முதலாளியின் கணக்கு? அதையும் என்னுடையதில்தான் போட்டோம் என்றேன். அவர் தலையாட்டினார்.

"அந்த மெஷின்ல ஏதோ உக்காந்துகிட்டு நீங்க தட்டற ஒவ்வொரு எழுத்தையும் அனுப்பிட்டு இருக்கு. அதுல உக்காந்து எத்தனை தடவை மாத்தினாலும் அவனுக்குப் போயிடும். மொதல்ல லைனைப் புடுங்குங்க. ஃபார்மேட் பண்ணுங்க. அப்புறம் வேற சுத்தமான மெஷின்ல மாத்துங்க. அதுவரைக்கும் நான் திறக்கமாட்டேன்."

லெட்டரில் என்ன எழுதவேண்டும் என்று கேட்டேன். காரணம் என்ன, என்ன சரிசெய்தோம், இனி வராமல் இருக்க என்ன செய்வோம், இவ்வளவு போதும் என்றார். யார் செய்தது என்று எழுதணுமா என்று கேட்டேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

"யாருன்னு எங்களுக்கு எதுக்கு மேடம்?"

மறுநாள் ஹார்ட்வேர் சர்வீஸ் பார்க்கிறவர் வந்தார். என் கம்ப்யூட்டரிலிருந்து நெட் ஒயரைக் கழற்றிவிட்டு, தன்னிடம் இருந்த புதிய ஆன்டிவைரஸ் சிடியைப் போட்டுத் தேடினார். முதலாளியும் மாப்பிள்ளையும் பின்னால் நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் கிடைத்துவிட்டது. டிராயிங் போடும் விலையுயர்ந்த சாஃப்ட்வேர் ஒன்றின் திருட்டுக் காப்பி ஒரு ஃபோல்டரில் இருந்தது. அதற்குப் போலி லைசென்ஸ் எண் உண்டாக்கித் தரும் குட்டி புரோகிராம் ஒன்றும் கூட இருந்தது. அந்தக் குட்டிக்குள்தான் தட்டும் எழுத்துகளைத் திருடும் சமாசாரம் ஒளிந்திருந்தது. சர்வீஸ்காரர் வெகுளியாக, இது போன வாரத்துக்கு முந்தின ஞாயித்துக்கிழமை போட்டிருக்காங்க சார், தேதி இருக்கு பாருங்க என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் பூட்டியிருக்கும். சாவி முதலாளி வீட்டில் இருக்கும். டிராயிங் சாஃப்ட்வேர் எனக்கு எதற்கு? நான் வால்வு வரைகிறவள் இல்லை. இதெல்லாம் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. மாப்பிள்ளை, சும்மா ட்ரையல் பார்க்கப் போட்டது, ஆன்டிவைரஸ் இருக்குன்னு நினைச்சேன் என்று மெதுவாகச் சொன்னார். முதலாளி அவரைப் பார்க்கவில்லை. சர்வீஸ்காரரிடம், சரி, எல்லாத்தையும் அழிச்சு புதுசா போட்டுடுங்க என்றார். என்னையும் பார்க்கவில்லை.

என்னைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்வார் என்று நான் நினைத்தேன். பெரிதாக ஒன்றும் வேண்டாம், சரிம்மா என்றாவது. அன்று மாலை வரை காத்திருந்தேன்.

மெயில் நிறுவனத்துக்கான கடிதத்தை நான் எழுதினேன். ஒரு கம்ப்யூட்டரில் அனுமதியில்லாத மென்பொருள் நிறுவப்பட்டதால் பாஸ்வேர்டுகள் திருடு போயின, அதை முழுக்க அழித்துப் புதிதாக அமைத்துவிட்டோம், மற்றவற்றையும் சோதித்துவிட்டோம், ஆன்டிவைரஸ் புதுப்பித்துவிட்டோம். யார் என்று எழுதவில்லை. முதலாளி படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். நான் மறுபடி அல்சூருக்குப் போனேன். அந்த ஆபீஸ் கம்ப்யூட்டர் ஒன்றிலேயே உட்கார்ந்து எல்லாக் கணக்குக்கும் புதிய பாஸ்வேர்டு போட்டேன். காத்துக்கிடந்த குப்பை மெயில்களை அவர் சர்வரிலிருந்து அழித்தார். திறக்கிறேன், ஆனால் கொஞ்ச நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு மெயில்தான் என்று கட்டுப்பாடு இருக்கும், மறுபடி ஏதாவது தெரிந்தால் தானே மூடிக்கொள்ளும் என்றார். பிளாக்லிஸ்டிலிருந்து எடுக்க எழுதியிருக்கிறோம், அது நம் கையில் இல்லை, சில இடத்துக்கு இன்னும் ஓரிரு நாள் போகாது என்றார்.

பிறகு திரையைப் பார்த்துக்கொண்டே, உங்க கணக்கைத் திறக்கவேண்டாம்னு காலையில போன் வந்துதே மேடம் என்றார்.

யார் போன் செய்தது என்று கேட்டேன். உங்க மார்க்கெட்டிங் சார்தான், டெலிட் பண்ணிடச் சொன்னார், அதுக்குப் பதிலா சேல்ஸ்னு ஒண்ணு போடச் சொன்னார் என்றார். அவருக்கே சொல்ல ஒருமாதிரி இருந்திருக்க வேண்டும். வருகிற மெயிலையாவது புதுக் கணக்குக்குத் திருப்பிவிடட்டுமா என்று கேட்டார். அதற்குச் சரி சொல்ல எனக்கு அதிகாரம் இருக்கிறதா என்று எனக்கே தெரியவில்லை. அவங்க சொன்ன மாதிரியே செய்யுங்க என்றேன்.

திரும்பும் வழியில் மெஜஸ்டிக்கில் பீன்யா பஸ் இரண்டை விட்டுவிட்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அழவில்லை. கோபம்கூட உடனே வரவில்லை. ஏதோ வாங்க மறந்துவிட்ட மாதிரி இருந்தது.

ஆபீசுக்கு வந்ததும் முதலாளி கூப்பிட்டார். மெயில் திறந்தாச்சா என்று கேட்டார். திறந்தாச்சு சார் என்றேன். உட்காரச் சொன்னார், அவருடைய அறையில், அவருடைய கம்ப்யூட்டரின் முன்னால். டென்மார்க்குக்கு ஒரு மெயில் போகணும், அவங்க மேனேஜர் விளக்கம் கேட்டிருக்கார், சொல்றேன் தட்டு என்றார். அவர் தமிழில் சொல்ல நான் ஆங்கிலத்தில் தட்டினேன். நடந்ததற்கு வருந்துகிறோம். எங்கள் அலுவலகத்தில் ஒரு ஊழியரின் கவனக்குறைவால் இது நேர்ந்தது. அந்த ஊழியரைக் கடிதப் பொறுப்பிலிருந்து நீக்கிவிட்டோம். இனி எங்கள் மார்க்கெட்டிங் மேலாளரே உங்களுடன் நேரடியாகத் தொடர்பில் இருப்பார்.

தட்டுவதை நிறுத்தினேன். மாத்திரை விளம்பரம் அவர்களுக்கு என் பெயரில்தான் போயிருந்தது, அந்த ஊழியர் யார் என்று டென்மார்க்கில் எல்லோருக்கும் தெரியும்.

"சார், நான் போடல சார் அது."

"தெரியும்மா. எனக்குத் தெரியாதா?" அவர் குரல் தாழ்ந்திருந்தது. "வெளியில ஏதோ ஒண்ணு சொல்லித்தானே ஆகணும். வீட்டுப் பிள்ளையைச் சொல்ல முடியுமா?"

அவருக்குத் தெரியும் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. தெரியாமல் செய்திருந்தால் என்றைக்காவது தெரியவைக்கலாம் என்றிருக்கும். ஆனால் நான் எழுந்து போகவில்லை. என் பெண் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள், கணவருடைய கம்பெனியில் ஆள்குறைப்புப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. மீதியைத் தட்டி முடித்தேன். ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தினேன். அனுப்பும் பொத்தானை அழுத்தினேன், போய்விட்டது. எங்கள் கம்பெனிக்கு அனுப்பும் உரிமை திரும்பக் கிடைத்தபின் வெளியே போன முதல் மெயில் அதுதான்.

அன்று வீட்டில் என்ன ஆச்சு என்று கணவர் கேட்டார். மெயில் சரியாயிடுச்சு, என்னை டெஸ்பாட்ச் செக்‌ஷனுக்கு மாத்திட்டாங்க என்றேன். அது என்ன மெயில், அப்படி என்னதான் எழுதியிருந்தது என்று அவர் அந்த வாரம் முழுக்கக் கேட்கவில்லை, அன்றும் கேட்கவில்லை. மாத்திரை என்று அவருக்கு யாரோ சொல்லியிருப்பார்கள். பீன்யாவில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். அவர் கேட்காமல் விட்டதற்கு நன்றியாக இருந்தது, கேட்காததில் ஒரு சந்தேகம் ஒளிந்திருக்குமோ என்றும் இருந்தது. இன்றுவரை நாங்கள் அதைப் பேசியதில்லை.

டெஸ்பாட்சில் வேலை மோசமில்லை. பெட்டிகளில் லேபிள் ஒட்டுவது, பேக்கிங் சரிபார்ப்பது. மாப்பிள்ளை டென்மார்க்கைப் பார்த்துக்கொண்டார். விலை உறுதி செய்யும் மெயில் முதலாளி பெயரில் சரியான நேரத்துக்குப் போயிருந்தும் அந்த ஆர்டரில் ஒரு பகுதியை அவர்கள் வேறு இடத்தில் கொடுத்துவிட்டார்கள் என்று அக்கவுண்டன்ட் சொன்னார். அதற்கும் காரணமாக என் பெயர் ஒரு மீட்டிங்கில் வந்ததாம். அதை அவர் அனுதாபத்தோடுதான் சொன்னார். அதே ஆள்தான் அந்தத் தாளைப் பிரிண்டரிலிருந்து எடுத்துப் படித்தவர்.

ஒன்றிரண்டு வருடம் கழித்து டென்மார்க்கிலிருந்து ஆட்கள் தொழிற்சாலை பார்க்க வந்தார்கள். பூக்கொத்து, இளநீர், எல்லாம் தயாராக இருந்தது. டெஸ்பாட்ச் வழியாக நடந்துபோனார்கள். மூன்று ஆண்கள், உயரமான ஒரு பெண். நரைத்த குட்டை முடி, கழுத்தில் நம் ஊர் துப்பட்டா மாதிரி ஒன்று. அவராகத்தான் இருக்கவேண்டும். நான் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தேன். அவர் நின்று, பெட்டியின் மேல் இருந்த லேபிளை விரலால் தொட்டுப் படித்தார், அவர்களுடைய கம்பெனிப் பெயர்தான் அதில் இருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்து, மிகவும் நேர்த்தியாக இருக்கிறது என்றார். நன்றி மேடம் என்றேன். என் பெயரைச் சொல்லியிருக்கலாம். பக்கத்தில் மாப்பிள்ளை நின்றிருந்தார், அவர்கள் அடுத்த பகுதிக்கு நகர்ந்தார்கள். அங்கே பனி பெய்கிறதா என்று கேட்டிருக்கலாம், ஆனால் அது கோடைக்காலம்.

அதற்கடுத்த வருடம் நான் அந்த வேலையை விட்டேன். முதலாளி நல்லபடியாகத்தான் அனுப்பினார், புடவையும் கொடுத்தார். அந்தப் புடவையை நான் கட்டவே இல்லை. நாத்தனாருக்குக் கொடுத்துவிட்டேன்.